ஒரு கொழுந்துத் தொழிலாளியின் வயது: மலையகத்தில் ஓர் இலவச மருத்துவ, சட்ட முகாமில் கிடைத்த கோப்பு

பின்னணி

இந்தக் கோப்பு 2022 மே மாதம் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் திறக்கப்பட்டது. மூடியது 2023 இறுதியில். சம்பந்தப்பட்டவர்களின் பெயர், தோட்டத்தின் பெயர், அலுவலகங்களின் பெயர் எதுவும் இதில் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறோம்.

எங்கள் குழுவில் சட்டத்தரணிகள் சிலரும் வைத்தியர்கள் சிலரும் இருக்கிறோம். சட்டத்தரணிகள் இதை 'புரோ போனோ' என்பார்கள், பொது நன்மைக்காகக் கட்டணம் வாங்காமல் செய்வது. தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ ஒரு பக்கம் வைத்தியரின் மேசையும் மறுபக்கம் சட்டத்தரணியின் மேசையும் போடுவோம். வருகிறவர் எந்த மேசைக்கும் போகலாம். பெரும்பாலும் வைத்தியரிடம்தான் முதலில் போவார்கள்.

இலங்கையில் அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். அப்படியிருக்க இலவச வைத்தியர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அங்கே பேசுகிற மொழி பல சமயம் அவருடைய மொழி அல்ல. போய்வர ஒருநாள் சம்பளம் போகும். வைத்தியர் தோட்டத்துக்கே வந்து தமிழில் கால்மணி நேரம் உட்கார்ந்து கேட்பதற்கு இந்த நாட்டில் இன்னும் ஒரு மதிப்பு இருக்கிறது. இந்தக் கோப்பே அந்தக் கால்மணி நேரத்தில் பிறந்ததுதான்.

வந்தவர் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண். அடையாள அட்டைப்படி வயது 46. 2022 மாசி மாதத்திலிருந்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகவில்லை. இரண்டு கையும் வீங்கியிருந்தன. கணவர் இல்லை. ஒரு மகள் அதே தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்கிறார், மகன் கொழும்பில் கடையொன்றில். அது பொருளாதார நெருக்கடியின் உச்சம். மாவும் அரிசியும் விலை ஏறி, காதுத் தோடு அடகுக்குப் போயிருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "டாக்டரம்மா, இனி வேலை செய்ய ஏலாதுன்னு ஒரு துண்டு எழுதிக் குடுங்க. ஈபிஎப் காசை எடுக்கணும்."

யார் அப்படிச் சொல்லி அனுப்பினார்கள் என்பதும் தெரிந்தது. நகரத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர். காசு வந்ததும் அதில் ஒரு பங்கு அவருக்கு.

முதல் மேசையில் கண்டது

ஈபிஎப் என்ற ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில், ஆண்கள் 55 வயதில், வேலையை விட்டபின் எடுக்கலாம். அதற்கு முன் எடுக்கச் சட்டம் சில வழிகளைத் தருகிறது. அவற்றில் ஒன்று, நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய இயலாமற் போவது. அதற்கு வைத்தியச் சான்றிதழ் வேண்டும். அந்தத் 'துண்டு' அதுதான்.

வைத்தியர் கைகளைப் பார்த்தார். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளும் நடு மூட்டுகளும் இரண்டு கையிலும் ஒரேமாதிரி வீங்கியிருந்தன. நக நுனியை ஒட்டிய மூட்டுகளில் ஒன்றுமில்லை. காலையில் எழுந்தால் விரலை மடக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது, கேத்தலைத் தூக்க முடிவதில்லை, வெயில் ஏறினால் கொஞ்சம் இளகுகிறது என்றார். குளிர் மலையில் கையை நனைத்து வேலை செய்ததால் வந்த 'வாதம்' என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். தேய்மானத்தால் வரும் வலி என்றால் வேலை செய்யச் செய்யக் கூடும், காலை இறுக்கம் சில நிமிடத்தில் போய்விடும். இது அப்படியில்லை. முடக்குவாதம் என்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய்க்கான அடையாளங்கள் இவை.

மூன்று வருடமாக என்ன மருந்து என்று கேட்டபோது சேலைத் தலைப்பிலிருந்து ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தை அவிழ்த்தார். தோட்ட டிஸ்பென்சரியில் கொடுத்த வலி மாத்திரை ஒன்று. நகரத்து மருந்துக் கடையில் வாங்கிய வெள்ளை மாத்திரை இன்னொன்று. அதைப் போட்டால் அன்றைக்கு வீக்கம் வடிகிறதாம். அது ஸ்டீரொய்ட். முகம் ஊதியிருந்ததும் தோல் மெலிந்து லேசாகப் பட்டாலே கன்றிப்போனதும் அதனால்தான். 'இதைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்' என்பதுதான் வைத்தியர் கொடுத்த முதல் அறிவுறுத்தல். நீண்டகாலம் போட்டவர் ஒரேயடியாக நிறுத்தினால் உடல் தன் சொந்தச் சுரப்பை உடனே தொடங்காது. மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம், துண்டு. வைத்தியர் எழுத மறுத்துவிட்டார்.

அவருடைய காரணம் இது. நோய் இருப்பது உண்மை, இன்று வேலை செய்ய இயலாது என்பதும் உண்மை. ஆனால் இந்த நோய்க்கான சரியான மருந்து இவருக்கு ஒருநாளும் கொடுக்கப்படவில்லை. வைத்தியமே பார்க்காத நோயை நிரந்தரம் என்று எப்படி எழுதுவது? மேலும், முகாமில் ஒரேயொரு தடவை பார்த்த வைத்தியரின் சான்றிதழை யாராவது கேள்வி கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு இரத்தப் பரிசோதனைகூட நிற்காது. இலவசமாகப் பார்த்தாலும் கையெழுத்துக்குக் கனம் ஒன்றுதான் என்றார்.

அந்த அம்மா கோபப்பட்டார். நியாயமான கோபம்தான். பங்கு கேட்கும் ஆளாவது காசை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார், இவர்கள் அதுவும் இல்லை என்கிறார்கள்.

மறுத்ததோடு வைத்தியர் விடவில்லை. கண்டியில் மூட்டு நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். இன்னொரு கடிதமும் எழுதினார். அது சான்றிதழ் அல்ல, கண்டதைச் சொல்லும் கடிதம்: எந்தத் திகதியில் பார்த்தேன், எந்த மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, கையை முழுதாக மடக்கவோ நிறை தூக்கவோ முடியவில்லை, மேல் சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறேன். நிரந்தரம், தற்காலிகம் என்ற சொல்லே அதில் இல்லை. பிற்பாடு அதிகம் பயன்பட்டது இந்தக் கடிதம்தான்.

அவருடைய குறிப்பில் ஓரமாக ஒரு வரியும் இருந்தது: 'வயது 46 என்கிறார். மூத்த பிள்ளைக்கு 31.'

இரண்டாவது மேசை

வைத்தியரின் குறிப்பைச் சட்டத்தரணி பார்ப்பதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். ஒரே மண்டபத்தில் இருக்கிறோம், எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் வந்திருக்கிறோம் என்பதெல்லாம் அதற்கு ஈடாகாது. இரண்டு தொழிலிலும் இரகசியம் காக்கும் கடமை தனித்தனியாக இருக்கிறது. தமிழில் எழுதிய சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டி, கை மூட்டு நோயும் வயதும் பற்றிய விவரங்களை மட்டும் கொடுக்கலாம் என்று கையெழுத்து வாங்கினோம். பேனையைப் பிடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு சட்டத்தரணிக்கு நோயைப் பற்றி விளக்கம் தேவைப்படவில்லை.

சட்டத்தரணி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பழைய அட்டை. இலக்கம் 76501 என்று தொடங்கியது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் நாளோடு 500 சேர்ப்பார்கள். ஆக 501 என்றால் ஜனவரி முதலாம் திகதி. அந்தத் திகதியில் பிறந்தவர்கள் உண்டுதான். ஆனால் தோட்டத்தில் அந்த வயதுக்காரர் ஒருவரின் அட்டையில் 501 இருந்தால், யாரோ உத்தேசமாக வருடத்தைப் போட்டுவிட்டு நாளை முதல் திகதியாக எழுதியிருக்கலாம் என்ற சந்தேகம் வரவேண்டும்.

கேட்டதில் அப்படித்தான். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு தோட்டங்களில் நடமாடும் சேவைகள் நடந்தன. அதுவரை இவரிடம் அடையாள அட்டை இருக்கவில்லை. பிறப்புப் பதிவு கிடைக்காததால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்து அட்டை செய்திருக்கிறார்கள். அன்றைக்கு அவருக்கு வேண்டியது அட்டை. வருடம் யாருக்கும் பெரிய விஷயமில்லை.

இப்போது மூத்த பிள்ளையின் 31 வயதோடு வைத்துப் பார்த்தால், 1976இல் பிறந்தவர் 15 வயதில் தாயாகியிருக்க வேண்டும். 1990இல் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன் என்றும் சொல்கிறார், அப்படியானால் 14 வயதில். நடக்காததல்ல. ஆனால் 'கலியாணம் முடிக்கும்போது எனக்கு பத்தொன்பது' என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

உண்மையான வயது 50ஐத் தாண்டியிருந்தால் இயலாமைச் சான்றிதழே தேவையில்லை. வயதை வைத்தே சேமலாபத்தை எடுக்கலாம்.

எடுத்த தீர்மானமும் காரணமும்

இரண்டு வழி இருந்தது. இயலாமை வழி வேகமானது போலத் தெரிந்தாலும் உண்மையான சான்றிதழ் கிடைக்கக் குறைந்தது பல மாதச் சிகிச்சை ஓட வேண்டும். சிகிச்சை பலித்தால் சான்றிதழ் கிடைக்காது. நோய் குணமாகக்கூடாது என்று நோயாளியே எதிர்பார்க்கும் நிலைக்கு அது கொண்டுபோய்விடும். வயது வழியில் பிறப்புப் பதிவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், கிடைக்குமென்ற உத்தரவாதம் இல்லை. இரண்டாவதைத் தேர்ந்தோம். சிகிச்சை தன்பாட்டில் நடக்கட்டும், காசு அதை நம்பியிருக்க வேண்டாம் என்று.

இன்னொரு தீர்மானம் அதைவிட முக்கியமானது, வேலையை இப்போது விடக்கூடாது என்பது. அவரைப் பொறுத்தவரை வேலை ஏற்கனவே போய்விட்டது, 'பேர் வெட்டியாச்சு' என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். ஆனால் எழுத்தில் எதுவும் கொடுக்கப்படவில்லை. தானாகவே வேலையைக் கைவிட்டுப் போனார் என்று தோட்டம் எழுதிவிடுவதற்கு முன் சுகயீனம் என்பது அலுவலகத்தில் பதிவாக வேண்டும். வைத்தியரின் அந்த இரண்டாவது கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் திகதியுடன் முத்திரை குத்தி வாங்கச் சொன்னோம். மகள் போய் வாங்கி வந்தார்.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அடையாள அட்டையில் பிறந்த திகதி மாறினால் அட்டை இலக்கமே மாறும். சேமலாபக் கணக்கு பழைய இலக்கத்தோடு இணைந்திருக்கிறது. அதைத் திருத்தத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பேர் இருக்கும்வரை தோட்டத்துக் கிளார்க் அந்தக் கடிதத்தைத் தருவார். வேலையை விட்டு ஆறு மாதம் கழித்துப் போனால் யார் நீங்கள் என்பார்கள். தொழில்தருநரின் கையெழுத்து வேண்டிய எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் சட்டத்தரணிகளின் பிடிவாதம்.

பிறப்புப் பதிவைத் தேடியது

2022 நடுப்பகுதியில் எரிபொருள் இல்லை. பஸ் ஓடவில்லை, அலுவலகங்கள் பாதிநாள். கொழும்பிலிருந்து வரும் சட்டத்தரணிகளால் வர முடியவில்லை. கோப்பு அசையவில்லை.

தேடல் தொடங்கியதும் முதலில் அவர் வாழும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தோம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் ஒரு குறிப்பிட்ட காலப்பகுதியைச் சொல்லித் தேடக் கேட்க வேண்டும். எனவே வருடத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் வயது எழுதப்பட்டிருந்தது. அதைக் கழித்துப் பார்த்து 1971, 1972 என்று கேட்டோம். பதில் 'பதிவு இல்லை'. 2004 அளவில் நடமாடும் சேவையில் வந்த பதிலும் இதுதான்.

வழி காட்டியது அவருடைய பெரியம்மா. கீழ் லயத்தில் இருக்கும் கிழவி. சட்டத்தரணி அவரிடம் வயதைக் கேட்கவில்லை, எங்கே பிறந்தார் என்று கேட்டார்.

"இவ இங்க பொறக்கலையே. இவ அம்மா பிரசவத்துக்கு அம்மாயி வூட்டுக்குல்ல போயிருந்தா. அந்தத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவுக்குப் பின்னால லயம்."

பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். பிறப்பு பதிவாவது பிறந்த இடத்தில். தோட்டத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அதை அறிவிக்கும் பொறுப்பு அந்தத் தோட்டத்துத் துரைக்கு இருந்தது. ஆகவே அம்மாயி இருந்த தோட்டம் எந்தப் பதிவாளரின் கீழ் வருகிறதோ அங்கேதான் தேட வேண்டும். அது பக்கத்து மாவட்டம். நடமாடும் சேவையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இருந்திருக்காது.

அங்கே விண்ணப்பிக்கும்போது பிள்ளையின் பெயரை நம்பித் தேட வேண்டாம், தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வைத்துத் தேடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். நல்ல வேளை, பதிவறையில் இருந்த உத்தியோகத்தர் பொறுமைசாலி. பதிவு கிடைத்தது, 1971 நவம்பர். பிள்ளையின் பெயர் என்று எழுதியிருந்தது இவருடைய பெயரே அல்ல. கோயிலில் வைத்த பெயர் அது. வீட்டில் கூப்பிட்ட பெயர்தான் பாடசாலைக்கும் செக்ரோலுக்கும் அட்டைக்கும் போயிருக்கிறது. தாயின் பெயரிலும் ஓரெழுத்து மாறியிருந்தது. தகப்பன் பெயர் மட்டும் சரியாகப் பொருந்தியது.

பதிவில் உள்ள பிள்ளை இவர்தான் என்று காட்ட மூன்று சான்று சேர்த்தோம். தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பில் தகப்பன் பெயரோடு இவருடைய பெயர் இருந்தது, பிறந்த வருடம் 1972 என்று. ஒரு வருடப் பிழை. ஆனாலும் 1976க்கு எதிரான சான்று. பெரியம்மா தன் நினைவைச் சத்தியக்கடதாசியாகக் கொடுத்தார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று இவரும் சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்தார். கிராம உத்தியோகத்தர் அவற்றை உறுதிப்படுத்தினார். வேறு சகோதரி இல்லை என்பதையும் எழுதச் சொல்லியிருந்தோம். இறந்துபோன அக்காவின் பதிவைத் தங்கைக்குப் பாவித்த கதைகள் மலையகத்தில் உண்டு, உத்தியோகத்தர்கள் அதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

கையின் நிலை

கண்டியில் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முடக்குவாதத்தை உறுதிசெய்தன. எலும்பின் ஓரங்கள் ஏற்கனவே அரித்திருந்தன. மெத்தோட்ரெக்சேட் தொடங்கினார்கள். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடும் மாத்திரை. தினமும் போட்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. மருந்து உறையில் இருந்த குறிப்பு அவருக்கும் மகளுக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. எங்கள் வைத்தியர் தொலைபேசியில் மாத்திரையை எண்ணச் சொன்னபோதுதான் அடுத்தடுத்து இரண்டு நாள் போட்டது தெரியவந்தது. உடனே இரத்தம் பார்க்கச் சொன்னார், நல்லவேளை பிழை எதுவுமில்லை. அதன்பிறகு உறையில் தமிழில் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதப்பட்டது. ஞாயிறு தோட்டத்தில் ஓய்வு நாள், மறக்காது. ஸ்டீரொய்டைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தார்கள். மருந்துத் தட்டுப்பாட்டால் சில வாரம் வெளியே வாங்க வேண்டியிருந்தது, அந்தச் செலவைக் குழு கொடுத்தது.

மார்கழிக்குள் வீக்கம் நன்றாக வடிந்தது. தலை சீவ, கேத்தல் தூக்க முடிந்தது. அவர் வேலைக்குப் போய்ப் பார்க்க விரும்பினார். தொழிலாளரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இலேசான வேலை கேட்டோம், சில நாள் கொடுத்தார்கள். பிறகு மலைக்கே போனார். கையில் வேகம் இல்லை. ஒருநாளைக்குப் பறிக்க வேண்டிய அளவான நோம் பிடிக்காமல் அரைநாள் சம்பளம், அதாவது அரைப்பேர் விழுந்தது. அரித்த எலும்பு மருந்தால் திரும்பாது என்பதைக் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். முதல் மூன்று வருடத்தில் சரியான மருந்து கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்பது எங்கள் வைத்தியரின் கணிப்பு.

முடிவு

2023 தொடக்கத்தில் திருத்திய அடையாள அட்டை வந்தது. தோட்ட அலுவலகம் கடிதம் கொடுத்துச் சேமலாபப் பதிவு திருத்தப்பட்டது. பங்குனி கடைசியில் அவர் தானே முடிவெடுத்து வேலையை விட்டார். அதுவரை அவரைத் தடுத்தது லயக்காம்பரா போய்விடுமோ என்ற பயம். மகள் அதே தோட்டத்தில் பேர் போடுவதால் குடியிருப்பு பற்றி நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்கினோம்.

சேமலாபம் வயது அடிப்படையில் தொழில் அலுவலகம் ஊடாக விண்ணப்பித்துச் சில மாதத்தில் அவருடைய வங்கிக் கணக்குக்கே வந்தது. யாருக்கும் பங்கு போகவில்லை.

சேவைக்காலப் பணத்தில்தான் இழுபறி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். வேலை எப்படி முடிந்தாலும், சுகயீனமானாலும் விலகலானாலும், அது உரித்து. கடைசிச் சம்பளம் நாளுக்கு 1,000 ரூபா. 1990 ஆடியிலிருந்து கணக்கிட்டால் 32 வருடம், 448,000 ரூபா. தோட்டம் 1994 ஆடியிலிருந்து 28 வருடம் என்றது, 392,000 ரூபா. முதல் நான்கு வருடம் அவர் பதிவில் இல்லாமல் கைக்காசுக்கு வேலை செய்தாராம், சேமலாப உறுப்பினர் பதிவான பி அட்டையும் 1994இல்தான் திறந்திருக்கிறது. சேமலாபம் கட்டாத காலம் வேலை செய்யாத காலமாகிவிடாது என்பது சட்டத்தரணியின் வாதம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது அதற்கு முந்திய செக்ரோல்கள் எங்கே போயின என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

தொழில் அலுவலகத்தில் விசாரணைக்குக் கொண்டுபோகலாம், வெல்லவும் வாய்ப்பிருக்கிறது, ஆனால் நாளாகும் என்று விளக்கினோம். வித்தியாசம் 56,000 ரூபா. அவர் வேண்டாம் என்றார். "அடகு வட்டி ஏறுது தம்பி, இருக்கிறதை வாங்குவோம்." சட்டத்தரணிக்குப் போராட ஆசைதான். அவர் கட்டணம் வாங்கவில்லை, அதனால் போராடுவதில் அவருக்குச் செலவு எதுவும் இல்லை. காத்திருக்கும் செலவு முழுக்க அந்த அம்மாவுக்கு. முடிவு அவருடையதாகவே விடப்பட்டது, அதில் எனக்கு உடன்பாடு.

வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டிய பணம் இரண்டு தவணையாக ஆவணியிலும் ஐப்பசியிலும் வந்தது. பிந்தினால் 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகம் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. தோட்டம் தவணைக்குச் சம்மதித்ததற்கு ஈடாக அதை விட்டுக்கொடுத்தோம். இது குழுவுக்குள் இன்னும் விவாதத்தில் உள்ள விஷயம். விட்டுக்கொடுப்பது பழக்கமாகிவிட்டால் பிந்திக் கொடுப்பதும் பழக்கமாகிவிடும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்.

மாற்றியவை

இந்தக் கோப்புக்குப் பிறகு எங்கள் முகாமில் சில விஷயங்கள் மாறின. சட்ட மேசையில் எந்த விஷயமாக வந்தாலும் முதற் கேள்விகளில் இரண்டு: அடையாள அட்டையில் உள்ள திகதி எந்தக் கடதாசியிலிருந்து வந்தது, அம்மா பிரசவத்துக்கு எங்கே போனார். இலக்கம் 001 அல்லது 501 என்று இருந்தால் தனியாகக் குறிக்கிறோம்.

வைத்திய மேசையில் சான்றிதழ் எழுதுவதில்லை என்று முன்கூட்டியே அறிவிக்கிறோம். கண்டதைச் சொல்லும் கடிதத்துக்கு ஒரு மாதிரி வைத்திருக்கிறோம், யார் கேட்டாலும் அதுதான். வாரமொரு முறை போடும் மருந்து யாருக்காவது இருந்தால் உறையை நேரில் பார்த்துத் தமிழில் நாளை எழுதாமல் அனுப்புவதில்லை.

சரி செய்ய முடியாமல் இருப்பது ஆள் மாற்றம். கோப்பு நடுவே இளம் சட்டத்தரணி ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஊதியமில்லாத வேலையில் ஒருவரைக் கட்டிவைக்க முடியாது. புதியவர் எல்லாவற்றையும் மறுபடி கேட்டபோது அந்த அம்மா தன் கதையைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வேண்டிவந்தது. இப்போது ஒவ்வொரு கோப்பின் முன்பக்கத்திலும் ஒரு பக்கச் சுருக்கம் வைக்கிறோம், மூலப் பத்திரங்கள் எப்போதும் உரியவரிடமே இருக்கும், எங்களிடம் பிரதி மட்டும். நீதிமன்றம் போக வேண்டிவரும் கோப்புகளை ஆரம்பத்திலேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு அனுப்புகிறோம், அங்கே ஆள் மாறினாலும் அலுவலகம் இருக்கும்.

பஸ் காசும் மகள் இழந்த சம்பளமும் எங்கள் கணக்கில் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. அலுவலக வேலைக்குப் போகும் நாளுக்கு ஒருநாள் சம்பளத்தைக் குழு நிதியிலிருந்து கொடுப்பது பற்றிப் பேசியிருக்கிறோம், தீர்மானமாகவில்லை. அதற்குப் பதிலாக இப்போதைக்கு மகளுக்கோ மகனுக்கோ அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்து, ஒரே பயணத்தில் இரண்டு அலுவலகம் முடியும்படி நாள் பார்க்கிறோம்.

அந்த அம்மா இன்னும் கண்டிக் கிளினிக்குக்குப் போகிறார். அவர் சொல்லித்தான் அதே லயத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் 501 அட்டையோடு வந்தார்கள். ஒருவருடைய பதிவு கிடைத்தது. மற்றவருடையதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.